‘பழைய பெயரே தொடரும்’: முதல்வரின் கடிதத்தைத் தமிழில் எழுதுவது எப்படி?

கேள்வி: என் மகள் படிக்கும் தொடக்கப்பள்ளி அடுத்த பேட்டையில் உள்ள பள்ளியோடு இணைகிறது. கட்டடம் அவர்களுடையது, பெயர் மட்டும் எங்கள் பள்ளியின் பழைய பெயரே. ஏன் அந்தப் பெயர் என்று முதல்வர் பெற்றோருக்குக் கடிதம் அனுப்பப்போகிறார். பெற்றோர் ஆதரவுக் குழுவில் இருப்பதால் தமிழ் வடிவத்தை என்னை எழுதித் தரச் சொன்னார். ஆங்கில வரைவை அப்படியே தமிழாக்கினால் யாரோ மிரட்டுகிற மாதிரி இருக்கிறது. எப்படி எழுதுவது?

பதில்:

முதலில் அடிக்க வேண்டிய சொல் ‘பழைய’.

நான் தமிழாசிரியராக இருந்த காலத்தில் ஓர் இணைப்பைக் கடந்து வந்திருக்கிறேன். அப்போது தமிழ்க் கடிதம் என் தலையில்தான் விழுந்தது. ‘பள்ளியின் பழைய பெயரே தக்கவைக்கப்படும்’ என்று எழுதி, இலக்கணம் சரியாக இருக்கிறதே என்று நிம்மதியாக அனுப்பிவிட்டேன். மறுநாள் காலை மற்றப் பள்ளியின் பெற்றோர் ஒருவர் அழைத்தார். குரலில் கோபம் இல்லை, அதுதான் எனக்கு இன்னும் சங்கடமாக இருந்தது. “சார், பழைய பெயர்னா எது? எங்க பள்ளி உங்க பள்ளியைவிட 12 வருஷம் மூத்தது. அப்ப எங்க பேருதானே பழசு?” என்றார். என்னிடம் பதில் இல்லை. இரண்டு பள்ளிகள் சேரும்போது இரண்டு பெயருமே பழைய பெயர்தான். ‘பழைய’ என்ற சொல்லை ஒரு பள்ளிக்கு மட்டும் கொடுத்ததும் மற்றதை இல்லாத பள்ளியாக்கிவிட்டேன்.

‘தக்கவைக்கப்படும்’ என்பதும் அதே ரகம். அந்தச் சொல்லை நாம் எங்கே கேட்கிறோம்? விளையாட்டுச் செய்தியில் கோப்பையைத் தக்கவைத்தார்கள் என்பார்கள், தேர்தல் செய்தியில் தொகுதியைத் தக்கவைத்தார்கள் என்பார்கள். யாரோ தோற்றிருக்கிறார்கள் என்பது சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. ‘இணைந்த பள்ளி இந்தப் பெயரில் இயங்கும்’ என்று எழுதினால் அந்தக் குத்தல் போய்விடும். நீங்கள் சொல்லும் மிரட்டல் தொனியில் பாதி இந்த இரண்டு சொற்களிலிருந்து வந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

மீதிப் பாதி, கடிதம் யாருக்கு எழுதப்படுகிறது என்பதில் இருக்கிறது. வசதிக்காக உங்கள் மகளின் பள்ளியைக் ‘க’ என்றும் கட்டடம் தரும் பள்ளியைத் ‘த’ என்றும் வைத்துக்கொள்வோம். கடிதம் க பள்ளி முதல்வரிடமிருந்து வருகிறது, அதனால் க பள்ளிப் பெற்றோரை மனத்தில் வைத்தே ஆங்கில வரைவு எழுதப்பட்டிருக்கும். ஆனால் பெயர் நிற்பதற்குக் காரணம் கேட்டு க பள்ளிப் பெற்றோர் யாரும் வரமாட்டார்கள். அவர்களுக்கு இது நல்ல செய்தி. காரணம் வேண்டியவர்கள் த பள்ளிப் பெற்றோர்தான். கடிதம் ‘பேரன்ட்ஸ் கேட்வே’ செயலியில் ஏறிய பத்து நிமிடத்தில் படம் பிடிக்கப்பட்டு வாட்ஸ்அப் குழுக்களைச் சுற்றி த பள்ளிக்குப் போய்ச் சேர்ந்துவிடும். அக்காள் பிள்ளை ஒரு பள்ளி, தங்கை பிள்ளை இன்னொரு பள்ளி என்று இருக்கும் ஊர் இது. அதனால் இரண்டு பள்ளிக்கும் ஒரே வாசகம் போகட்டும் என்று முதல்வரிடம் சொல்லுங்கள். இரண்டு முதல்வர்களும் கையெழுத்திட்டால் இன்னும் நல்லது. நாங்கள் இரண்டு பக்கத்துக்கும் வேறு வேறு கடிதம் அனுப்பினோம். ஒன்றில் ‘பெருமையுடன்’, மற்றதில் ‘கனத்த மனத்துடன்’. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர்களுக்கு நாங்கள் நடிக்கிறோம் என்று தெரிந்துவிட்டது.

சரி, யார் முடிவெடுத்தார்கள் என்பதற்கு வருவோம். ஆங்கிலத்தில் யார் செய்தார்கள் என்றே சொல்லாமல் ஒரு முழுக் கடிதத்தையும் எழுதிவிடலாம், அது மரியாதையாகவும் தோன்றும். தமிழில் ‘முடிவு செய்யப்பட்டது’, ‘பரிசீலிக்கப்பட்டது’ என்று மூன்று வரி தொடர்ந்து வந்தால், எதையோ மறைக்கிறார்கள் என்றுதான் படிப்பவருக்குத் தோன்றும். அரசாங்கப் பள்ளி என்றால் இணைப்பையும் பெயரையும் அறிவிப்பது கல்வி அமைச்சு. முதல்வர் கருத்துக் கேட்டு அனுப்பியிருப்பார், தானே முடிவெடுத்திருக்க மாட்டார். அரசாங்க உதவிபெறும் பள்ளி என்றால் அதை நடத்தும் அமைப்புக்கும் நிர்வாகக் குழுவுக்கும் பெயரில் பெரிய பங்கு உண்டு. உங்கள் பள்ளி எந்த வகையோ, அதற்கேற்ற எழுவாயைப் போட்டு எழுதுங்கள். ‘கல்வி அமைச்சு முடிவு செய்திருக்கிறது. அதற்கு முன்பு இரண்டு பள்ளிகளின் ஆசிரியர்களிடமும் முன்னாள் மாணவர்களிடமும் கருத்துக் கேட்டோம்.’ உண்மையிலேயே கேட்டிருந்தால் மட்டும் இரண்டாவது வாக்கியம். கேட்காமல் எழுதினால் அன்று மாலையே ஒருவர் ‘என்னிடம் யாரும் கேட்கவில்லையே’ என்று குழுவில் போடுவார். முடிவான பிறகு ‘உங்கள் கருத்துகளை வரவேற்கிறோம்’ என்று முடிப்பதும் வம்பு. பெயரை மாற்ற இன்னும் வாய்ப்பிருக்கிறது என்று நம்பி மனு தயாரிக்கத் தொடங்கிவிடுவார்கள். எதைப் பற்றிக் கருத்துச் சொல்லலாம் என்று குறிப்பிட்டு எழுதலாம். மரபுடைமை மூலைக்குப் படம் தருவது, சீருடை மாறும் காலம், இப்படி.

இப்போது காரணம். ஆங்கில வரைவை நான் பார்க்கவில்லை, ஆனாலும் அதில் வளமான மரபு, வலுவான விழுமியங்கள், பல தலைமுறைகளின் நினைவுகள் எல்லாம் இருக்கும் என்று பந்தயம் கட்டத் தயார். ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். அந்தப் பத்தியில் க பள்ளி பெயர் வரும் இடத்திலெல்லாம் த பள்ளி பெயரைப் போட்டுப் படியுங்கள். அப்போதும் பத்தி அப்படியே பொருந்தினால் அது க பெயருக்கான காரணம் ஆகாது. த பள்ளிப் பெற்றோர் அதைப் படித்துவிட்டு, எங்களுக்கு மரபு இல்லையா என்று மட்டும் கேட்பார்கள். கேட்பதும் நியாயம்தான்.

உண்மையான காரணங்கள் இவ்வளவு அலங்காரமாக இருப்பதில்லை. எங்கள் இணைப்பில் மூன்று இருந்தன. எதுவும் கடிதத்தில் முழுதாக வரவில்லை என்பது என் குறை. முதலாவது, கட்டடத்தையும் பெயரையும் ஒரே பள்ளியிலிருந்து எடுத்தால் அது இணைப்பாகத் தெரியாது, ஒன்று இன்னொன்றை விழுங்கியதாகத் தெரியும். இடம் ஒரு பள்ளியுடையது, அதனால் பெயர் மற்றதுடையது. இதை ஒளிக்க வேண்டியதில்லை, பெற்றோர் எளிதில் ஏற்றுக்கொள்ளும் காரணமே இதுதான். இரண்டாவது, அந்தக் கட்டடம் தந்த பள்ளியின் பெயரில் பக்கத்திலேயே ஓர் உயர்நிலைப்பள்ளியும் இருந்தது. டாக்சிக்காரர் முதல் தபால்காரர் வரை குழம்பிக்கொண்டிருந்தார்கள். மூன்றாவது, இரண்டு பெயரையும் சேர்த்தால் ஐந்து சொல் வந்தது. சட்டைப் பையில் தைக்கும் சின்னத்தில் அது அடங்கவில்லை. சிரிக்காதீர்கள், மாதிரி தைத்துப் பார்த்தோம். உங்கள் முதல்வரிடம் நேராக ஒரு கேள்வி கேளுங்கள்: ‘உங்களிடம் அமைச்சு வாய்மொழியாகச் சொன்ன காரணம் என்ன?’ சொல்லக்கூடியதாக இருந்தால் அதைத்தான் எழுத வேண்டும்.

‘ஏன் இரண்டு பெயரையும் சேர்க்கவில்லை?’ என்ற கேள்வி கட்டாயம் வரும், ஏனென்றால் எல்லாரும் தொடக்கக் கல்லூரிகளைப் பார்த்திருக்கிறார்கள். 2017இல் அமைச்சு அறிவித்த இணைப்பில் மொத்தம் 28 பள்ளிகள் இருந்தன. 14 தொடக்கப்பள்ளிகள், 6 உயர்நிலைப்பள்ளிகள், 8 தொடக்கக் கல்லூரிகள். 2019இல் எட்டுக் கல்லூரிகள் நான்காயின. நான்குமே இரட்டைப் பெயர் கொண்டவை: ஆண்டர்சன் சிராங்கூன், தெம்பனிஸ் மெரிடியன், ஜூரோங் பயனியர், யீஷூன் இன்னோவா. ஆகவே, கல்லூரிக்கு இரண்டு பெயர், எங்கள் பிள்ளைகளின் பள்ளிக்கு மட்டும் ஒன்றா என்று கேட்பார்கள். அதற்குக் கடிதத்தில் ஒரே ஒரு வாக்கியம் போதும், ஆனால் அது இருக்க வேண்டும். இரட்டைப் பெயரை யோசித்தோம், இந்தக் காரணத்தால் வேண்டாம் என்று முடிவானது. யோசிக்கவே இல்லை என்றால், யோசித்ததாக எழுதாதீர்கள். ஏழு வயதுப் பிள்ளை தன் பள்ளிப் பெயரை முழுதாகச் சொல்ல முடிய வேண்டும் என்பதே ஒரு காரணம்தான்.

உங்கள் விஷயத்தில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. உங்கள் பள்ளிப் பெயர் ஊர்ப்பெயராக இருந்தால், இனி அந்தப் பெயர் வேறு பேட்டையில் போய் உட்காரும். ‘இடம் இங்கே, பெயர் அங்கேயா?’ என்று பெரியவர்கள் கேட்பார்கள். இதற்கு நீங்கள் தத்துவம் பேச வேண்டாம், சிங்கப்பூரையே காட்டலாம். ரிவர் வேலி உயர்நிலைப்பள்ளி பூன் லேயில் இருக்கிறது. புக்கிட் பாஞ்சாங் அரசாங்க உயர்நிலைப்பள்ளி சுவா சூ காங்கில். தெலுக் குராவ் தொடக்கப்பள்ளி பிடோக் ரெசர்வோர் சாலையில். தெம்பனிஸ் மெரிடியன் கல்லூரியின் வளாகம்கூடப் பாசிர் ரிஸ்ஸில்தான். நம் ஆட்களுக்கு இன்னும் நெருக்கமாக ஒன்று வேண்டுமென்றால் பீட்டி சாலைக்குப் போங்கள். பீட்டி உயர்நிலைப்பள்ளி தோ பாயோவில் இருக்கிறது. பீட்டி சாலையில் இருப்பதோ உமறுப் புலவர் தமிழ்மொழி நிலையம்.

அந்த உமறுப் புலவர் பெயரே ஒரு கதை. 1946இல் கடையநல்லூர் முஸ்லிம் லீக் தஞ்சோங் பகார் வட்டாரத்தில் தொடங்கிய பள்ளியின் பெயர் அது. நம் தமிழ்ப் பள்ளிகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டபோது கடைசிவரை நின்றது அந்தப் பள்ளிதான். 1982இல் அதுவும் மூடியது. கட்டடம் போயிற்று, தமிழ்வழிப் படிப்பும் போயிற்று. பெயர் மட்டும் தமிழ்மொழி நிலையத்துக்கு வந்து சேர்ந்தது. இன்று சனிக்கிழமை காலையில் அங்கே பிள்ளையை இறக்கிவிடும் பெற்றோரில் பாதிப் பேருக்கு அது ஒரு பள்ளியின் பெயராக இருந்தது என்று தெரியாது. ஆனாலும் பெயர் நடமாடிக்கொண்டிருக்கிறது. இதைக் கடிதத்தில் எழுதச் சொல்லவில்லை, முதல்வரின் கடிதத்துக்கு இது நீளம். கூட்டத்தில் ஒரு தாத்தா எழுந்து கேட்டால் சொல்ல உங்கள் கையில் இருக்கட்டும்.

பெயருக்கும் இடத்துக்கும் உள்ள இந்த இடைவெளியில் உண்மையான குழப்பம் ஒன்று உண்டு. அதைக் கடிதம் தீர்க்க வேண்டும். தொடக்கநிலை 1 பதிவில் வீட்டுக்கும் பள்ளிக்கும் உள்ள தூரத்தைப் பள்ளி நிற்கும் இடத்தை வைத்துத்தான் அளக்கிறார்கள். பெயரில் இருக்கும் ஊர் கணக்கில் வராது. க என்ற பெயரைப் பார்த்துவிட்டு, ‘நம் வீட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் வரும்’ என்று நம்பும் இளம் பெற்றோர் இருப்பார்கள். புதிய முகவரியை அஞ்சல் குறியீட்டோடு, கடிதத்தின் முதல் பாதியிலேயே போடுங்கள். அடுத்தது 2ஏ கட்டம். முன்னாள் மாணவர்களின் பிள்ளைகளுக்கு முன்னுரிமை தரும் கட்டம் அது. த பள்ளியில் படித்த அம்மா ஒருவர், என் பள்ளியின் பெயரே போய்விட்டதே, இனி என் மகனுக்கு முன்னுரிமை உண்டா என்று கேட்பார். பெயரைப் பற்றிய துக்கத்துக்கு அடியில் பல நேரம் இருப்பது இந்தக் கவலைதான். அலுவலகம் அமைச்சிடம் உறுதிசெய்து தரும் பதிலை ஒரு வரியில் எழுதிவிடுங்கள். அந்த ஒரு வரிக்கு மரபைப் பற்றிய இரண்டு பத்தியைவிட மதிப்பு அதிகம்.

அப்புறம் த பெயருக்கு என்ன ஆகும் என்பது. இதைத் தெளிவாகச் சொல்லாவிட்டால் மற்றதெல்லாம் வீண். ‘த பள்ளியின் உணர்வு என்றும் நம்மோடு வாழும்’ என்று எழுதாதீர்கள், அது இரங்கற்பா. பொருள்களைச் சொல்லுங்கள். கோப்பைகள் எந்த மாடியில் எந்த அலமாரியில் இருக்கும். நுழைவாயில் சுவரில் உள்ள பெயர்ப்பலகை கழற்றப்பட்ட பிறகு எங்கே வைக்கப்படும். பள்ளிப் பாடல் எந்த நாளில் பாடப்படும். இப்போது தொடக்கநிலை 4இல் இருக்கும் பிள்ளை பழைய சீருடையையே 6 முடியும்வரை போடலாமா, இல்லை புதிதாக வாங்க வேண்டுமா, வாங்க வேண்டுமென்றால் காசு யாருடையது. சான்றிதழோ பள்ளிப் பதிவோ வேண்டும் முன்னாள் மாணவர் யாரை அணுக வேண்டும். எங்கள் கடிதத்தில் பெயர்ப்பலகையைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. குப்பைத்தொட்டிக்குப் பக்கத்தில் அது சாய்ந்து நின்ற படத்தை யாரோ எடுத்து அனுப்பினார்கள். உண்மையில் லாரி வரும்வரை பத்து நிமிடம்தான் அங்கே இருந்தது. பத்து நிமிடம் என்று யாருக்குத் தெரியும்?

இனி, மேலே சொன்னதையெல்லாம் வைத்து ஒரு மாதிரி. உங்கள் விவரங்களை நிரப்பி, உண்மையல்லாததை எடுத்துவிடுங்கள்.

‘அன்புள்ள பெற்றோர்களே, பாதுகாவலர்களே,

அடுத்த ஆண்டு ஜனவரியிலிருந்து க தொடக்கப்பள்ளியும் த தொடக்கப்பள்ளியும் ஒரே பள்ளியாக இயங்கும். பள்ளி இப்போதைய த வளாகத்தில் அமையும். பள்ளியின் பெயர் க தொடக்கப்பள்ளி. முழு முகவரி கீழே உள்ளது.

பெயரைப் பற்றி உங்களில் பலர் கேட்டிருக்கிறீர்கள். கல்வி அமைச்சு இந்த முடிவை எடுத்ததற்கான காரணங்களைச் சொல்ல விரும்புகிறோம். வளாகம் த பள்ளியுடையது. பெயரும் அந்தப் பள்ளியுடையதாகவே இருந்தால், க பள்ளி மாணவர்கள் வேறொரு பள்ளிக்கு மாறிப்போவது போல உணர்வார்கள். இரண்டு பள்ளிகளும் சேர்ந்து ஒரு பள்ளியைத் தொடங்குகின்றன என்பதால், வளாகம் ஒரு பள்ளியிடமிருந்தும் பெயர் மற்றப் பள்ளியிடமிருந்தும் வருகிறது. த என்ற பெயரில் அருகில் ஓர் உயர்நிலைப்பள்ளியும் இருப்பதால், ஒரே பெயரால் ஏற்படும் குழப்பமும் தீரும். இரண்டு பெயர்களையும் இணைத்து வைப்பதைப் பற்றியும் பேசினோம். பெயர் மிக நீளமாகிவிடும், சிறு பிள்ளைகளுக்குச் சொல்லக் கடினமாக இருக்கும் என்பதால் அது கைவிடப்பட்டது.

த தொடக்கப்பள்ளி இரண்டு பள்ளிகளிலும் மூத்தது. அங்கே படித்தவர்களுக்கும் இப்போது படிப்பவர்களுக்கும் தங்கள் பள்ளியின் பெயர் வாசலில் இருக்காது என்பது வருத்தமான செய்தி என்பதை அறிவோம். த பள்ளியின் பெயர்ப்பலகை முதல் மாடியில் நூலகத்தின் நுழைவாயிலில் பொருத்தப்படும். கோப்பைகளும் ஆண்டுமலர்களும் நூலகத்துக்குள் வைக்கப்படும். த பள்ளி மாணவர்கள் தங்கள் இப்போதைய சீருடையைத் தொடக்கநிலை 6 முடியும்வரை அணியலாம். புதிய சீருடைக்கு மாற விரும்பும் ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு தொகுதியைப் பள்ளி இலவசமாகத் தரும். த பள்ளியின் முன்னாள் மாணவர்கள், பிள்ளைகளின் தொடக்கநிலை 1 பதிவு பற்றியும் பழைய பதிவுகள் பற்றியும் பள்ளி அலுவலகத்தைக் கேட்கலாம். விவரங்கள் அடுத்த பக்கத்தில் உள்ளன.

பெயர் முடிவாகிவிட்டது. பள்ளிச் சின்னம், பள்ளிப் பாடல் இரண்டும் இன்னும் முடிவாகவில்லை. அவற்றைப் பற்றிப் பேச இரண்டு பள்ளிப் பெற்றோரையும் ஒரே கூட்டத்துக்கு அழைக்கிறோம். நாளும் நேரமும் கீழே உள்ளன. தமிழில் பேச விரும்புவோருக்கு ஆசிரியர்கள் உதவுவார்கள்.

அன்புடன்,
க தொடக்கப்பள்ளி முதல்வர்
த தொடக்கப்பள்ளி முதல்வர்’

இதில் நான் வேண்டுமென்றே செய்த ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். ‘மூத்தது’ என்று த பள்ளியைத்தான் சொல்லியிருக்கிறேன். என்னை அழைத்த அந்தத் தகப்பனார் கேட்டது அந்த ஒரு சொல்லைத்தான். உங்கள் இணைப்பில் உங்கள் பள்ளியே மூத்தது என்றால் அந்த வாக்கியத்தை எடுத்துவிடுங்கள், வயதைப் பற்றிப் பேச்சே வேண்டாம். ‘வருத்தமான செய்தி’ என்பதை முதல்வர் அடிக்கப் பார்ப்பார். எங்கள் முதல்வரும் அப்படித்தான், எதிர்மறையாக இருக்கிறது என்பார்கள். விட்டுக்கொடுக்காதீர்கள். தமிழ்க் கடிதத்தில் அந்த வரி இல்லையென்றால் மற்றதெல்லாம் சுற்றறிக்கையாகிவிடும்.

எழுத்துக்கூட்டலில் ஒரு எச்சரிக்கை. பள்ளிப் பெயரைத் தமிழில் எழுதும்போது ஒலியை மட்டும் எழுதுங்கள், பொருளை மொழிபெயர்க்காதீர்கள். ரிவர் வேலியை யாராவது ஆற்றுப் பள்ளத்தாக்கு என்று எழுதினால் நாம் எப்படிச் சிரிப்போம்! ஆனால் அவசரத்தில் இணையத்தில் மொழிபெயர்த்து ஒட்டிய அறிவிப்புகளில் இது நடந்திருக்கிறது. பள்ளியின் தமிழ்ப் பெயர் ஏற்கெனவே நிகழ்ச்சி நிரலிலோ தமிழ் முரசுச் செய்தியிலோ அச்சாகியிருந்தால் அந்த எழுத்துக்கூட்டலையே எடுத்துக்கொள்ளுங்கள். நம் ஊரில் ‘தெம்பனிஸ்’ என்றுதான் அச்சில் வரும், ‘டாம்பைன்ஸ்’ என்று எழுதினால் வெளியூர்க்காரர் எழுதியது என்று தெரிந்துவிடும். கல்வி ‘அமைச்சு’தான், ‘அமைச்சகம்’ அல்ல. ஒரே கடிதத்தில் பெயரை இரண்டு விதமாக எழுதிவிடாதீர்கள். பெயரைப் பற்றிய கடிதத்தில் பெயரே பிசகினால் அதைவிட வேடிக்கை வேறில்லை.

ஊர்ப்பெயர் என்றதும் தேக்கா நினைவுக்கு வருகிறது. 1982இல் அந்தச் சந்தைக் கட்டடத்துக்கு மாண்டரின் உச்சரிப்பில் ஜூஜியாவ் நிலையம் என்று பெயர் வைத்தார்கள். சீனத்தில் இரண்டும் ஒரே எழுத்துகள்தான். பதினெட்டு ஆண்டுகள் பலகையில் ஒன்றும் வாயில் ஒன்றுமாக இருந்து, 2000இல் பலகை வாய்க்கு இறங்கி வந்தது. உங்கள் பள்ளியையும் த பேட்டைக்காரர்கள் இன்னும் பல ஆண்டு த பள்ளி என்றுதான் சொல்வார்கள். அலுவலகத் தொலைபேசியை எடுக்கும் அம்மாவிடம் இதை முன்கூட்டியே சொல்லிவையுங்கள். ‘த பள்ளியா?’ என்று யாராவது கேட்டால், ‘அந்தப் பெயர் இப்போது இல்லை’ என்று திருத்தாமல், ‘ஆமாம், சொல்லுங்கள்’ என்று மட்டும் பதில் வரட்டும்.

அனுப்பும் முன் கடிதத்தை த பள்ளியில் பிள்ளை படிக்கும் ஒருவரிடம் உரக்கப் படித்துக் காட்டுங்கள். உங்கள் குழுவில் இருப்பவர் வேண்டாம், அவர்கள் தலையாட்டிவிடுவார்கள். கீழ்வீட்டுக்காரரோ, மின்தூக்கியில் பார்க்கும் பாட்டியோ போதும். எந்த வரியில் அவர் குறுக்கிட்டு ‘அப்படின்னா?’ என்கிறாரோ அந்த வரியை மாற்றுங்கள். வெள்ளிக்கிழமை மாலையில் மட்டும் அனுப்பாதீர்கள். அலுவலகம் இரண்டு நாள் மூடியிருக்கும், திங்கட்கிழமை காலைக்குள் வாட்ஸ்அப்பில் வேறொரு காரணம் உருவாகியிருக்கும்.